மாத வட்டியில் 3 சதம் குறைகிறது

"நாளை வங்கி மென்பொருள் வெளியீடு. ஒரு கணக்கில் மட்டும் மாத வட்டி 3 சதம் குறைவாக வருகிறது. சிறிய பிழை, விட்டுவிடலாம் என்கிறார்கள். என்ன செய்வது?"

வணக்கம். விட்டுவிடாதீர்கள். கிளிநொச்சியில் இருந்து சோதனை செய்துகொண்டிருந்த எனக்கும், வெளியீட்டுக்கு முதல் நாள் மாலையில் இதே 3 சதம் அகப்பட்டது.

அந்தச் சேமிப்புக் கணக்கில் இருந்தது 500 ரூபாய். ஆண்டு வட்டி 3 சதவீதம். ஒரு நாள் வட்டி 0.041096 ரூபாய். மென்பொருள் அதை அன்றன்றே 0.04 ஆக முழுமையாக்கிச் சேமித்ததால், 30 நாளில் 1.20 ரூபாய் சேர்ந்தது. முழுமையாக்காமல் கூட்டி மாத முடிவில் ஒருமுறை முழுமையாக்கியிருந்தால் 1.23 வந்திருக்கும். நாள் வட்டியைச் சேமிக்கும் புலத்துக்கு இரண்டே தசம இடங்கள் கொடுத்திருந்ததுதான் காரணம்.

இதே பிழை 1,250 ரூபாய்க்கு 4 சதவீத வட்டியில் 9 சதத்தைக் கூட்டிக் கொடுக்கும் என்பதால், மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று மறைத்துவிடும். ஆகவே சிறிய மீதிகள் சிலவற்றைக் கையால் கணித்து, கணக்குக் கணக்காக ஒப்பிடுங்கள். முழுமையாக்கல் எப்போது நடக்க வேண்டும் என்று வங்கியின் வட்டி விதியில் எழுதியிருப்பதையும் பிழை அறிக்கையில் சேருங்கள்; நாள்தோறும் என்றே அங்கு இருந்தால் இது பிழையல்ல.

எங்கள் குழு அந்தப் புலத்தை ஆறு தசம இடங்களுக்கு மாற்றி, இரண்டு நாள் தாமதமாக வெளியிட்டது. ஐந்நூறு ரூபாய் வைத்திருப்பவருக்கும் அவருடைய வட்டி சரியாகப் போய்ச் சேர வேண்டும்.