ஃப்ரீலான்சரிடம் ஆப் செய்யக் கொடுத்தால் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும்? – கேள்வி பதில்

(பதில் சொல்பவர் 11 வருடமாகச் சிறு கடைகளுக்கும் வியாபாரிகளுக்கும் ஆப் செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சர்.)

பால் வியாபாரி, கோபிசெட்டிபாளையம்: 400 வீட்டுக்குப் பால் போடுகிறேன். ஆப் செய்ய மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் 60,000, ஒருவர் 1,80,000, ஒருவர் 4 லட்சம் என்கிறார். இதில் யார் ஏமாற்றுகிறார்?

ஒருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம். 'பால் ஆப்' என்று கேட்டதும் மூன்று பேரும் மனதில் மூன்று வேறு ஆப்பை நினைத்து விலை சொல்லியிருப்பார்கள். 60,000 சொன்னவர் வீட்டுக்காரர் போனில் தெரியும் நாலைந்து திரையை மட்டும் கணக்கில் எடுத்திருப்பார். பால் போடும் பையன் விடியற்காலையில் பார்க்கும் வீட்டுப் பட்டியலும், நீங்கள் விலை மாற்றி பாக்கி பார்க்கும் பக்கமும் அதில் இருக்காது. அதனால் விலையை ஒப்பிடும் முன், என்னென்ன வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று மூவரிடமும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் தொழிலுக்கு நான் போட்டால் கணக்கு இப்படி வரும். ஓ.டி.பி. வைத்து உள்ளே வருவது 12 மணி நேரம். வீட்டு முகவரி, பால் வகை, தினசரி அளவு 20. பாலை நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது 28. மாத பில் 24. பணம் கட்டுவது 20. பையனின் பட்டியல் 24. உங்கள் பக்கம் 40. நினைவூட்டும் செய்தி 8. மொத்தம் 176. சோதித்துப் பிழை திருத்த அதில் கால் பங்கு, அதாவது 44. உங்களோடு பேசுவதற்கும் ப்ளே ஸ்டோரில் ஏற்றுவதற்கும் 20. ஆக 240 மணி நேரம். மணிக்கு 700 ரூபாய் என்றால் 1,68,000. இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும்.

அதே வியாபாரி: 'நாளைக்குப் பால் வேண்டாம்' என்று ஒரு பட்டன்தானே? அதற்கு 28 மணி நேரமா?

பட்டன் அரை மணி நேர வேலைதான். அதை அழுத்திய பிறகு நடப்பதுதான் மிச்ச நேரத்தைத் தின்னும். ராத்திரி 9 மணிக்கு மேல் அழுத்தினால் ஏற்பீர்களா? அவர் போனில் கடிகாரம் தவறாக இருந்தால் எந்த மணியை நம்புவது? தினம் இரண்டு பாக்கெட் வாங்குபவர் ஒன்றை மட்டும் நிறுத்தலாமா? பத்து நாள் ஊருக்குப் போகிறவர் ஐந்தாம் நாளே திரும்பிவிட்டால்? முன்பணம் கட்டியவருக்குக் காசைத் திருப்புவீர்களா, அடுத்த மாதம் கழிப்பீர்களா? பையன் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய பிறகு மாற்றம் வந்தால்? இதற்கெல்லாம் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. இப்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அந்த 28 மணி நேரத்திலேயே முடியும். பாதி வேலையில் சொன்னால் பில்லையும் பட்டியலையும் சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

எனக்கே நடந்தது. ஒரு துணிக்கடைக்காரர் 'சாதாரண பில்தான்' என்றார், நானும் நம்பி விலை சொல்லிவிட்டேன். மாற்றிக்கொடுக்கும் துணி, பழைய பாக்கி, தீபாவளித் தள்ளுபடி எல்லாம் பிறகுதான் வந்தன. ஆறு வாரம் என்று சொன்னது பதினான்கு வாரம் ஆனது. கேட்காமல் விலை சொன்னது என் தவறு.

பள்ளி வேன் வைத்திருப்பவர், திருச்சி: 240 மணி நேரம் என்றால் தினம் 8 மணி நேரம் வைத்து 30 நாள். இரண்டு பேரைப் போட்டால் 15 நாளில் முடியும், சரியா?

வகுத்தல் சரி, ஆனால் நாள் அப்படி வராது. ஒரு ஃப்ரீலான்சர் உங்கள் வேலையில் முழுக் கவனத்தோடு உட்காருவது தினம் ஐந்து மணி நேரம் இருந்தால் நல்லது. மற்ற நேரம் பழைய வாடிக்கையாளரின் அவசரத்துக்கும் போன் பேச்சுக்கும் போய்விடும். அப்போது 48 வேலை நாள், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் பத்து வாரத்துக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டு பேர் போட்டால் கொஞ்சம் குறையும், அதை மறுக்கவில்லை. பால் ஆப்பில் முதலாளி பார்க்கும் பக்கத்தை ஒருவரும் பையனின் பட்டியலை ஒருவரும் தனித்தனியாகச் செய்யலாம். ஆனால் தகவலை எப்படிச் சேமிப்பது என்று முடிவாகும் வரை இரண்டாமவருக்குப் பெரிதாக வேலை இருக்காது. நானாக இருந்தால் ஏழு வாரம் என்பேன்.

தையல் பயிற்சி நடத்துபவர், மதுரை: எல்லாம் முடிந்தது, நாளைக்கே ப்ளே ஸ்டோரில் போட்டுவிடலாம் என்கிறார் என் டெவலப்பர். நம்பலாமா?

முதலில் ப்ளே ஸ்டோர் கணக்கு எந்த வகை என்று கேளுங்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்காக இருந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் வெளியிட அனுமதியே கேட்க முடியும். நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை, ஆனால் அதைத் திறக்க நிறுவனத்தை அடையாளம் காட்டும் டி-யு-என்-எஸ் எண் வேண்டும். இரண்டு வகைக்கும் கட்டணம் ஒரே முறை 25 டாலர். ஐபோனுக்கு வருடா வருடம் 99 டாலர்.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸில் போக வேண்டுமென்றால் தொழில் எஸ்.எம்.எஸ். அனுப்புபவர்களுக்கான டி.எல்.டி. பதிவு உங்கள் தொழில் பெயரில் வேண்டும், அனுப்பும் வாசகத்துக்கும் முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்கிய வாசகமும் அனுப்பும் வாசகமும் பொருந்தாவிட்டால் செய்தி போகாது. இவை டெவலப்பரின் மணிக்கணக்கில் வராது, ஆனால் உங்கள் தேதியைத் தள்ளும். வேலை தொடங்கும் அன்றே இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

புதிதாக ஃப்ரீலான்ஸ் தொடங்கியவர், கோவை: நான் ஒரு ஆப்புக்கு 40,000 சொல்லி மாட்டிக்கொண்டேன் அண்ணா. மூன்று மாதமாக முடியவில்லை. மேற்கொண்டு எப்படிக் கேட்பது?

கேள்வி வேலை கொடுப்பவர்கள் பக்கமிருந்து வரும் என்று நினைத்தேன், பரவாயில்லை தம்பி. முதலில் பேசியவை, பிறகு சேர்ந்தவை என்று இரண்டு பட்டியல் எழுதிக் காட்டுங்கள். பிறகு சேர்ந்தவற்றுக்கு மட்டும் காசு கேளுங்கள். முதல் பட்டியலில் கணக்கு தவறியிருந்தால் அது உங்கள் பொறுப்பு.

அடுத்த முறை ஒவ்வொரு வேலைக்கும் மூன்று எண் எழுதுங்கள்: எல்லாம் நன்றாகப் போனால், வழக்கம்போல் போனால், சொதப்பினால். பணம் கட்டும் பகுதிக்கு 12, 20, 52 என்று வைத்து, நடு எண்ணை மட்டும் நான்கு முறை கூட்டி, மொத்தத்தை ஆறால் வகுத்தால்:

```
(12 + 4*20 + 52) / 6 = 24
```

நடு எண் 20 ஆனாலும் 24 போட வேண்டும். 12க்கும் 52க்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கிறதென்றால், அந்த வேலை உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். விலை சொல்வதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து அதைச் செய்து பாருங்கள்.

பால் வியாபாரி மறுபடியும்: மொத்தமாக ஒரு விலை பேசுவதா, மணிக்கணக்கில் கொடுப்பதா?

இதில் எனக்கு முழுத் தெளிவு கிடையாது. மொத்த விலை பேசினால் உங்களுக்கு நிம்மதி, ஆனால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் வாக்குவாதம் வரும். மணிக்கணக்கில் கொடுத்தால் மாற்றம் எளிது, ஆனால் தொகை எங்கே நிற்கும் என்று தெரியாது. உங்களுக்கு நான் சொல்வது, முதல் 20 மணி நேரத்தை மணிக்கணக்கில் கொடுத்துத் திரைகளையும் விதிகளையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் கையில் வந்ததும் மொத்த விலை பேசுங்கள்.

திருச்சிக்காரர் குறுக்கிட்டு: அந்த 20 மணி நேரக் காசு வீண்தானே? என் டெவலப்பர் இலவசமாகவே எழுதிக் கொடுத்தார்.

நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார். ஆனால் காசு கொடுத்து வாங்கிய தாள் உங்களுடையது. அதே தாளை மற்ற டெவலப்பர்களிடமும் காட்டி விலை கேட்கலாம்.

பால்காரருக்கு இன்னொன்று: ஆப் உங்கள் போனில் ஓடுவதைப் பார்த்துப் பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். தொடக்கத்தில் 20 சதவீதம், வீட்டுக்காரர் பக்கம் ஓடியதும் 30, பையனின் பட்டியலை வைத்து ஒரு வாரம் உண்மையாகவே 20 வீட்டுக்குப் பால் போட்டுப் பார்த்ததும் 30, வெளியான பிறகு 20. டெவலப்பர் எழுதும் புரோகிராம் வாரா வாரம் உங்கள் பெயரிலுள்ள ஆன்லைன் கணக்கில் ஏற வேண்டும். 'முக்கால்வாசி முடிந்தது' என்று இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டு, போனில் எதுவும் புதிதாக வராவிட்டால் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.

மதுரைக்காரர்: வெளியான பிறகு செலவு முடிந்துவிடுமா?

முடியாது. கூகுள் வருடா வருடம் ஆப்பைப் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்கிறது. செய்யாவிட்டால் அப்டேட் போட முடியாது, ரொம்பப் பழையதானால் புதிய போன்காரர்களுக்கு ஸ்டோரில் தெரியவும் தெரியாது. சர்வர் வாடகை, எஸ்.எம்.எஸ். காசு தனி. செய்த விலையில் 15 முதல் 20 சதவீதத்தை வருடத்துக்கு ஒதுக்கும்படி என் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். 1,68,000 ஆப்புக்கு அது 25,000 முதல் 34,000 வரை வரும்.