கேள்வி-பதில்: அமைப்பா, பண்பாடா?

கேள்வி: சில நாடுகள் வளர்வதற்கும் சில பின்தங்குவதற்கும் பண்பாடு அல்ல, சட்டம், ஆட்சிமுறை போன்ற அமைப்புகள்தான் காரணம் என்று கொரியாவை மட்டும் வைத்துக் கருத்தரங்கில் வாதாடலாமா?

பாதி தூரம் போகலாம். 1945-ல் நாடு பிரிந்தபோது இரு பக்கமும் மொழி, குடும்ப வழக்கம் எல்லாம் ஒன்றுதான். கனரகத் தொழிலும் மின்சாரமும் பெரும்பாலும் வடக்கில் இருந்தன. இன்று தெற்கின் தலைக்கு வருமானம் வடக்கைப் போல இருபது மடங்குக்கு மேல். இந்த இடைவெளியைப் பழைய பண்பாட்டால் விளக்க முடியாது. ஆனால் எந்த அமைப்பு என்று கேட்பார்கள், தயாராகப் போங்கள். தெற்கு வேகமாக வளர்ந்தது 1961-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீயின் கீழ். வங்கிகள் அரசின் கையில், ஏற்றுமதி செய்பவனுக்கு மலிவுக் கடன். ஜனநாயகம் வந்தது 1987-ல்தான்.

கேள்வி: கன்பூசியப் பண்பாட்டின் உழைப்பும் சிக்கனமும்தானே கிழக்காசியாவை உயர்த்தின?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இதே கன்பூசியத்தைத்தான் சீனாவில் முதலாளித்துவம் எழாததற்குக் காரணமாகக் காட்டினார். 1950-களிலும் பலர் அப்படியே சொன்னார்கள்: பெரியவருக்கு அடங்குவது, வணிகரை மட்டம் தட்டுவது, உறவுக்காரனுக்கே வேலை கொடுப்பது. 1980-களில் வளர்ச்சி கண்ணில் பட்டதும் அதே அடக்கம் ஒழுக்கமாயிற்று, அதே உறவு நம்பிக்கையாயிற்று. 1997-ல் நிதி நெருக்கடி வந்ததும் அது மறுபடி வேண்டியவனுக்குச் சலுகை கொடுக்கும் கெட்ட பழக்கம்! நாற்பது ஆண்டில் பண்பாடு அவ்வளவு மாறவில்லை, விளக்குபவர்கள்தான் மாறினார்கள். எப்போதும் சொல்வதுதான்: முடிவு தெரிந்த பிறகு பண்பாட்டைத் தேடாதீர்கள். ஒரு பழக்கம் எந்தச் சூழலில் வளர்ச்சி தரும், எதில் தராது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அப்போது பேசலாம்.

கேள்வி: அப்படியானால் பண்பாடு வெறும் கதையா?

இல்லை. நியூயார்க்கில் ஐ.நா. தூதர்கள் தப்பான இடத்தில் கார் நிறுத்தினால் அபராதச் சீட்டு விழும், ஆனால் 2002 வரை கட்ட வைக்க முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே ஊர், ஒரே சட்டம். பொருளாதார அறிஞர்கள் ஃபிஸ்மனும் மிகெலும் கணக்கெடுத்தார்கள். ஊழல் மிகுந்த நாட்டுத் தூதர்கள் சீட்டுகளைக் குவித்தார்கள். நார்வே, ஸ்வீடன்காரர்களிடம் பாக்கியே இல்லை. அமைப்பு ஒன்றாக இருந்தும் நடத்தை வேறானது. 2002-ல் நகராட்சி தூதரக நம்பர் பிளேட்டைப் பறிக்கத் தொடங்கியதும் மீறல் சுமார் 98 சதவீதம் விழுந்தது. பண்பாட்டைக் காட்டும் பாதியையும் அமைப்பைக் காட்டும் பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கேள்வி: எது சரி? ஒரே வரியில் சொல்லவும்.

எந்த நாடு, எந்தக் காலம் என்று எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: காலனிகளில் குடியேறிய ஐரோப்பியர்கள் அதிகம் இறந்த இடங்களில் சுரண்டும் அமைப்புகளும், குறைவாக இறந்த இடங்களில் நல்ல அமைப்புகளும் உருவாயின என்று சொல்லி, அந்த இறப்பு விகிதத்தை வைத்து அமைப்பின் பங்கை நிரூபித்துவிட்டார்களே?

அசெமோக்லு, ஜான்சன், ராபின்சன் எழுதிய அந்த 2001 கட்டுரையில் 64 நாடுகள். அவற்றில் பாதிக்கு மேல் இறப்பு எண்கள் வேறு நாட்டிலிருந்து கடன் வாங்கியவை என்று பொருளாதார அறிஞர் ஆல்பூய் காட்டினார். ஆசிரியர்கள் மறுத்து எழுதினார்கள். இரண்டையும் படித்துவிட்டு நிரூபணம் என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.