பூம் சிலிண்டரின் விசை ஏன் குறைவாக வருகிறது

“ஹட்டன் பக்கம் மண்சரிவை அகற்றும் எக்ஸ்கவேட்டர். தூக்கி நிறுத்திய பாறை 500 கிலோ, பூம் சுழலும் அச்சாணிப் பின்னிலிருந்து கிடையாக 4 மீட்டர். சிலிண்டர் ஒன்றுதான், உள்விட்டம் 100 மி.மீ.; பின்னிலிருந்து 0.8 மீட்டரில் பூமைத் தாங்குகிறது, இடைக்கோணம் 30 பாகை. எனக்கு 24.5 கிலோநியூட்டன் வருகிறது. அழுத்தமானி 110 பார் காட்டுகிறதே?”

அழுத்தமானியை நம்புங்கள், நண்பரே. நீங்கள் 0.8 மீட்டரால் வகுத்திருக்கிறீர்கள். திருப்பத்துக்கு வேண்டியது பின்னிலிருந்து சிலிண்டரின் அச்சுக்கோட்டுக்கு வரையும் செங்குத்துத் தூரம்: 0.8 × sin 30° = 0.4 மீட்டர். இதனால் மட்டுமே விசை இரட்டிப்பாகிறது.

அடுத்தது பூம், கை, வாளி ஆகியவற்றின் சொந்த எடை. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தம் 800 கிலோ, புவியீர்ப்பு மையம் 1.8 மீட்டரில் என்று கொள்வோம். சரியான எண்களைக் கையேட்டில் பாருங்கள்.

```
பாறை:       500 × 9.81 × 4   = 19620 Nm
சொந்த எடை: 800 × 9.81 × 1.8 = 14126 Nm
விசை:       33746 / 0.4      = 84365 N
```

பிஸ்டன் பரப்பு 7854 சதுர மி.மீ.; ஆகவே அழுத்தம் ஏறக்குறைய 107 பார். எஞ்சிய சிறு வித்தியாசத்துக்கு உராய்வும் தண்டுப் பக்க எண்ணெயின் எதிரழுத்தமும் போதும்.

மலைச்சரிவில் இன்னொன்று: இயந்திரம் முன்பக்கம் சாய்ந்து நின்றால் 4 மீட்டரைத் தடங்களுக்கு இணையாக அளக்காதீர்கள். தூக்குக்குண்டு விட்டு, உண்மையான கிடைத்தூரத்தை எடுங்கள். சாய்வால் சிலிண்டரின் 0.4 மீட்டர் மாறாது, எடைகளின் தூரங்கள் மாறும்.