குறுந்தொகை 3, 40: ஒப்பீட்டுக் குறிப்பு எப்படி எழுதுவது?

"இரண்டுமே காதல் பாட்டு, இரண்டும் குறிஞ்சித் திணை. ஒப்பீட்டு அட்டவணையில் வேறுபாடு என்று எதை எழுதுவது?"

யார், எப்போது பேசுகிறார் என்பதில் தொடங்குங்கள். மூன்றாம் பாட்டில், தோழி தலைவனைக் குறை சொன்னதும் தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். நாற்பதில், பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியைத் தலைவன் தேற்றுகிறான். தொனி இங்கேதான் பிரிகிறது.

| | குறுந்தொகை 3 | குறுந்தொகை 40 |
|---|---|---|
| கரு | நட்பின் அளவு | உறவில்லாதவர் ஒன்றானது |
| தொனி | உறுதி, பெருமிதம் | வியப்பு, ஆறுதல் |
| உத்தி | 'இனும்' என்ற ஒப்பீட்டு அடுக்கு | அடுக்கிய கேள்விகள், ஒரே உவமை |
| மேற்கோள் | "நிலத்தினும் பெரிதே" | "செம்புலப் பெயல்நீர் போல" |

அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள். மேற்கோள் என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியமாவது வேண்டும். உதாரணமாக: 'நிலம், வான், நீர் எதுவும் போதாமல் தலைவியின் அளவுகோல் விரிந்துகொண்டே போகிறது, தலைவனுக்கோ செம்மண்ணில் விழுந்த மழை ஒன்றே போதும். கலந்த பின் நீரின் நிறத்தை மண்ணிலிருந்து பிரிக்க முடியாது.' எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

அப்புறம், பலர் சறுக்கும் ஒரு சொல்: "வானினும் உயர்ந்தன்று" என்பதற்கு 'உயரவில்லை' என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். அது 'உயர்ந்தது' என்பதன் பழைய வடிவம். இதைத் தவறவிட்டால் தொனி வரிசையே தலைகீழாகிவிடும்.