நோட்ஸில் ‘நன்றி’ போட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

உயிரியல் தேர்வுக்காக நான் தயாரித்த குறிப்புகளை பிடிஎஃப்பாக என் வலைப்பதிவில் போட்டு எல்லோருக்கும் இலவசமாகத் தரலாம் என்றிருக்கிறேன். செல் சுவாசப் பாடத்தில் சில பத்திகள் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துச் சுருக்கியவை. இரண்டு பக்க அட்டவணை, ஓர் ஆசிரியர் இலவசமாகப் போட்டிருந்த பிடிஎஃப்பில் இருந்து அப்படியே எடுத்தது. மீதியெல்லாம் நானே எழுதியது. கடைசிப் பக்கத்தில் ‘நன்றி: இணையம்’ என்றும், ‘கல்விக்காக மட்டும், விற்கவோ மாற்றவோ கூடாது’ என்றும் போட்டிருக்கிறேன். இது போதுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

போதாது. முதலில் அந்த ‘நன்றி: இணையம்’ என்பதை அழித்துவிடுங்கள். உங்கள் அட்டவணையில் ஒரு தவறு இருந்தால், படிக்கிற பிள்ளை மூலத்தில் போய்ச் சரிபார்க்க வேண்டுமல்லவா? ‘இணையம்’ என்றால் எங்கே போய்த் தேடுவது?

உங்களிடம் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. மூன்றுக்கும் விதி வேறு வேறு.

ஆசிரியரின் அட்டவணையில் தொடங்குகிறேன், சிக்கல் அதில்தான் அதிகம். அவர் அதை இலவசமாகத் தந்தார் என்பது உண்மை. இறக்கிப் படிக்கலாம் என்பதுதான் அதற்குப் பொருள். நாம் எடுத்து வேறு கோப்பில் வைத்து மறுபடி பரப்பலாம் என்று ஆகிவிடாது. ஒன்றை எழுதியவுடனேயே அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, © குறி போட வேண்டியதும் இல்லை. பிடிஎஃப்பில் உரிமை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் எல்லா உரிமையும் அவரிடமே இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு நன்றி சொன்னாலும் அது அனுமதி கேட்டதாகாது.

அதே சமயம், அந்த அட்டவணையில் இருக்கும் உண்மைகள் அவருக்குச் சொந்தமில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு கிளைக்காலிசிஸில் இரண்டு பைருவேட்டாக உடைகிறது, நிகரமாக 2 ஏடிபி கிடைக்கிறது என்பது யாருக்கும் தனியுடைமை ஆகாது. அவருடையது, அதை அவர் சொன்ன வாக்கியமும், எதை எங்கே வைத்து எப்படி அடுக்கினார் என்பதும்தான். ஆகவே பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் பிடிஎஃப்பை மூடிவிட்டு, உங்களுக்குப் புரிந்தபடி அட்டவணையைப் புதிதாகப் போடுங்கள். நாலு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, கட்டங்களையும் வரிசையையும் அப்படியே வைத்துக்கொண்டால் அது புதிது ஆகாது. அவர் அடுக்கியதுதான் சிறப்பாக இருக்கிறது என்று தோன்றினால் கோப்பைச் சேர்க்காமல் அவர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள், அல்லது எழுதிக் கேளுங்கள். கேட்கும்போது எந்த இரண்டு பக்கம், எங்கே போடப்போகிறீர்கள், மற்றவர்கள் அதை என்ன செய்ய அனுமதிப்பீர்கள் என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும். பதில் வரவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விக்கிப்பீடியாப் பத்திகள் இதற்கு நேர்மாறு. அங்கே அனுமதி முன்கூட்டியே தரப்பட்டிருக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. உரிமத்தின் பெயர் CC BY-SA 4.0. எடுக்கலாம், சுருக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். மூலத்தைச் சொல்ல வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும், மாற்றியதை வெளியிடும்போது அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். ‘விற்கவோ மாற்றவோ கூடாது’ என்ற உங்கள் வரி, நீங்கள் சுருக்கிய அந்தப் பத்திகளின்மேலும் போய் விழுகிறது. விற்கலாம், மாற்றலாம் என்று உங்களுக்குக் கொடுக்கப்பட்டதை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது பூட்டுப் போட உங்களுக்கு உரிமை இல்லை. நல்ல எண்ணத்தில் போடுகிற வரிதான், ஆனால் செல்லாது.

வழி இருக்கிறது. விக்கிப்பீடியாவிலிருந்து வந்த பகுதியைத் தனியாக, தலைப்புப் போட்டு, உங்கள் எழுத்தோடு கலக்காமல் வையுங்கள். ஒரே கோப்பில் பக்கம் பக்கமாக இருந்தாலும், இரண்டும் பிரிந்து நிற்கும்வரை ஒன்றின் விதி மற்றதைக் கட்டாது. ஒரே பத்தியில் பாதி அவர்களுடையது, பாதி உங்களுடையது என்று பின்னிவிட்டால் அந்தப் பத்தி முழுவதும் CC BY-SA ஆகிவிடும். அந்தப் பகுதிக்குக் கீழேயே, கடைசிப் பக்கத்தில் அல்ல, இப்படி எழுதலாம்:

‘இப்பகுதி தமிழ் விக்கிப்பீடியாவின் (கட்டுரைத் தலைப்பு, இணைப்பு) கட்டுரையைச் சுருக்கி எழுதியது. மூலமும் இச்சுருக்கமும் CC BY-SA 4.0 உரிமத்தில் உள்ளன.’

கட்டுரைக்கும் உரிமத்துக்கும் சொடுக்கினால் திறக்கும் இணைப்பு இருக்கட்டும். படங்களை எடுத்திருந்தால் கவனம். கட்டுரையில் இருக்கும் படத்துக்கு உரிமம் வேறாக இருக்கலாம். படத்தைச் சொடுக்கினால் வரும் பக்கத்தில் வரைந்தவர் பெயரும் உரிமமும் தனியாக இருக்கும்.

இனி உங்கள் சொந்தப் பக்கங்கள். இங்கே விதி போட வேண்டியவர் நீங்கள். ‘கல்விக்காக மட்டும்’ என்ற சொற்றொடரை நான் பயன்படுத்த மாட்டேன். கட்டணம் வாங்கும் பயிற்சி மையமும் கல்விதானே நடத்துகிறது? உங்கள் குறிப்பை அட்டை போட்டு விற்கிறவரும் அதையேதான் சொல்வார். நீங்கள் தடுக்க நினைத்தது அவர்களைத்தான் என்றால், அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

‘மாற்றக் கூடாது’ என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். யாராவது இதை மொழிபெயர்த்துப் பகிர்ந்தால் அதுவும் மாற்றம். பாடத்திட்டம் மாறிய பிறகு ஒரு பிள்ளை இரண்டு வரியைத் திருத்திப் பகிர்ந்தால் அதுவும் மாற்றம். தேர்வுக் குறிப்புக்கு இரண்டும் வேண்டியவை. எனவே மாற்றத்தை விட்டுவிட்டு விற்பனையை மட்டும் தடுப்பதே நல்லது என்பது என் கருத்து. அதற்கான உரிமம் CC BY-NC-SA 4.0. ஆனால் அந்தப் பெயரை மட்டும் போட்டால் மாணவர்களுக்குப் புரியாது. கூடவே பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நின்று நாலு வரி சேருங்கள்:

‘இது கவிதா எழுதியது. படிக்கலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தி இதே உரிமத்தில் பகிரலாம். என் பெயரையும் இந்தப் பதிவின் இணைப்பையும் வைத்திருங்கள், திருத்தியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். இதை விற்கக் கூடாது, கட்டண வகுப்புக்கான பாடப்பொருளாகச் சேர்க்கக் கூடாது. நகலெடுக்க ஆகும் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். விக்கிப்பீடியா என்று குறித்த பகுதிகளுக்கு இந்த விதி பொருந்தாது.’

ஒருமுறை இப்படி உரிமம் கொடுத்துவிட்டால் பின்னால் மனம் மாறித் திரும்பப் பெற முடியாது. பதிவை நீங்கள் எடுத்துவிட்டாலும், ஏற்கெனவே வாங்கியவர் அதே விதிப்படி தொடர்ந்து பகிரலாம். பின்னாளில் இதை நூலாக்கி விற்கும் எண்ணம் இருந்தால் உங்கள் பக்கங்களை நீங்கள் விற்க எந்தத் தடையும் இல்லை. மற்றவர்கள் இலவசமாகப் பகிர்வதை மட்டும் நிறுத்த முடியாது. அதற்குத் தயார் என்றால் போடுங்கள்.

வரிகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பதிவில் எழுதியதெல்லாம் பதிவோடு நின்றுவிடும், பயணம் போவது பிடிஎஃப் மட்டுமே. அதிலும் வாட்ஸாப்பில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினால் உங்கள் கடைசிப் பக்கம் யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு பக்க அடியிலும் ஒரே வரியில் பெயர், பதிவின் இணைப்பு, உரிமம், திருத்திய தேதி ஆகியவை இருக்கட்டும். முழு விதி முதல் பக்கத்தில் வரட்டும். தேதி எதற்கு என்றால், பழைய பாடத்திட்டக் குறிப்பைப் புதிதென்று நம்பிப் படிக்கிறவர் அதைப் பார்த்தாவது சுதாரிப்பார்.

ஆசிரியரின் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு, அங்கே அவர் பக்கத்துக்கு இணைப்பு வைத்து, மற்றதை இப்போதே வெளியிடலாம். அவர் சரி என்று சொன்னால் அடுத்த பதிப்பில் சேர்த்து, அட்டவணைக்குக் கீழே ‘ஆசிரியரின் அனுமதியுடன், மறுபயன்பாட்டுக்கு அவரையே கேட்கவும்’ என்று போடுங்கள்.