டவல், பெட்ஷீட் விற்பனைக் குறிப்பு: கேட்ட கேள்விகளுக்குப் பதில்

ஆன்லைனில் டவல், பெட்ஷீட் விற்பவர்கள் பொருள் விவரத்தில் என்ன எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று கேட்கலாம். கரூரில் ஏற்றுமதி மெர்ச்சண்டைசிங் வேலை பார்க்கிறேன். விலை, கூரியர், ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

"அக்கா, டர்க்கி டவல் 600 ஜி.எஸ்.எம். என்று சப்ளையர் சொன்னார். அப்படியே போட்டுவிடலாமா?" (புதுக் கடைக்காரர், திருச்சி)

போடுவதற்கு முன் தராசில் வையுங்கள். சமையலறைத் தராசே போதும். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான். 75க்கு 150 செ.மீ. டவலின் பரப்பு 1.125 சதுர மீட்டர். உண்மையிலேயே 600 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பீஸ் 675 கிராம் இருக்க வேண்டும்.

போன மாதம் இப்படி ஒரு டவல் என் மேசைக்கு வந்தது. எடை 512 கிராம். அளவையும் பிடித்துப் பார்த்தேன், 73க்கு 146தான் இருந்தது. அதாவது 1.066 சதுர மீட்டர். வகுத்தால் 480 ஜி.எஸ்.எம். லேபிளில் இருந்த 75க்கு 150ஐ நம்பி வகுத்திருந்தால் 455 வந்திருக்கும். அதனால் அளவைப் பிடிக்காமல் எடையை மட்டும் போட்டுப் பயனில்லை.

சப்ளையர் பொய்தான் சொல்கிறார் என்று உடனே சண்டைக்குப் போகாதீர்கள். சிலர் வட்டக் கட்டரால் நடுவில், லூப் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் வெட்டி எடை போடுகிறார்கள். பார்டரில் லூப் இல்லை, அங்கே துணி லேசு. அவர் சொல்வது நடுப்பகுதிக் கணக்கு, வாங்குகிறவர் கைக்கு வருவது முழு டவல். நீங்கள் முழு டவலின் கணக்கை எழுதுங்கள். பத்து பீஸை எடை போட்டுச் சராசரி எடுங்கள். மழை நாளில் பருத்தி ஈரம் இழுத்துக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், உலர்ந்த நாளில் போடுங்கள்.

அப்புறம் அந்த எண்ணால் என்ன பயன் என்றும் ஒரு வரி சேருங்கள்: "ஒரு டவல் சுமார் 510 கிராம், 480 ஜி.எஸ்.எம். நடுத்தரத் தடிமன். இதைவிடத் தடிமனானதைக் காட்டிலும் சீக்கிரம் உலரும்." மாடியில் துணி காயாமல் கிடக்கும் ஐப்பசி மாதத்தில் 700 ஜி.எஸ்.எம். டவலைக் கொடுத்தால் வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார்.

"டவலுக்கு த்ரெட் கவுண்ட் எவ்வளவு போடணும்?" (மதுரை)

போடவே வேண்டாம். லூப் துணிக்கு அது பொருந்தாது.

"எல்லாரும் 1000 டி.சி. என்று போடுகிறார்கள். நான் 210 என்று போட்டால் யார் வாங்குவார்கள்?" (பெட்ஷீட் விற்பவர், சேலம்)

அந்த 1000ஐயும் தராசில் வைத்துப் பாருங்களேன். ஒரு அங்குலத்தில் உள்ள, நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளையும் குறுக்கே ஓடும் ஊடை இழைகளையும் கூட்டினால் வருவதுதான் த்ரெட் கவுண்ட், சுருக்கமாக டி.சி. நூல் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 40ஆம் நம்பர் நூலில், பாவு 118, ஊடை 92 என்றால் 210. 90க்கு 108 அங்குல டபுள் பெட்ஷீட் இந்தக் கணக்கில் முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வரும். அதே நூலில் 1000 இழை இருந்தால் மூன்றரை கிலோவைத் தாண்ட வேண்டும்! 100ஆம் நம்பர் மெல்லிய நூல் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ ஒன்றரை கிலோ வரும். சந்தையில் கிடைக்கும் "1000 டி.சி." ஷீட் ஒன்றை வாங்கி எடை போடுங்கள். 800, 900 கிராம்தான் காட்டுகிறது என்றால் ஆயிரம் எங்கே போனது?

நீங்கள் 210 என்றே போடுங்கள், பக்கத்திலேயே நூல் நம்பரையும் எடையையும் எழுதுங்கள். இழை எண்ணும் பூதக்கண்ணாடியான பிக் கிளாஸை வைத்து எண்ணுகிற இடத்தைக் கிட்டத்தில் ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

"இரட்டை முறுக்கு நூலில் இரண்டு இழை இருக்கிறதே, இரண்டாக எண்ணுவதில் என்ன தப்பு?" (தறி வைத்திருப்பவர், ஈரோடு)

தப்புதான் அண்ணா. முறுக்கிய பிறகு அது ஒரு நூல். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அலுவலர்கள் 2005லேயே இதைக் கடிதமாக எழுதிவிட்டார்கள். அப்படிப் பெருக்கிக் காட்டினால் வாங்குகிறவர் ஏமாறலாம் என்றார்கள். "300, இரட்டை முறுக்கு நூல்" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

"முறுக்கை விடுங்கள். ஒரே ஓட்டத்தில் நாலு ஊடை முறுக்காமல் பக்கம் பக்கமாகப் போகிறதே, அதை ஒன்று என்றா எண்ணுவீர்கள்? நாலு இழை கண்ணுக்கே தெரிகிறது." (அதே ஈரோட்டுக்காரர்)

இது நியாயமான கேள்வி. நாலும் ஒரே பாவுத் திறப்பில் போவதால் கட்டுவது ஒரே கட்டுத்தான் என்று நான் ஒன்றாக எண்ணுகிறேன். தனித்தனியாக எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள்.

"அப்படி எண்ணினால் 1000 கிடைக்கும், எடையும் சரியாக வரும். ஊடை மிக மெல்லியதாக இருந்தால் போதும். உங்கள் தராசு அங்கே செல்லாது." (அதே ஈரோட்டுக்காரர்)

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை மெல்லிய ஊடை பெரும்பாலும் பாலியஸ்டர் ஃபிலமென்ட். அப்போது அதே விவரத்தில் "100% காட்டன்" என்று இருக்கக் கூடாது. ஆயிரம் வேண்டுமா, சுத்தப் பருத்தி வேண்டுமா?

"100ஆம் நம்பர் பருத்தியை நான் ஓட்டியிருக்கிறேன்." (ஈரோடு)

அப்படியானால் ஒன்றரை கிலோ என்று எழுதி, அதற்கான விலையையும் போடுங்கள். ஊடையை ஒன்றா நாலா என்று எண்ணுவதில் நாம் இருவரும் இன்று ஒத்துப்போகப் போவதில்லை.

"மேடம், பெட்ஷீட் இரண்டாவது துவையலிலேயே சாயம் போகுது." (நாமக்கல்)

அது சாயக் கேள்வி. சாயப்பட்டறைக்காரரைக் கேளுங்கள்.

"சூப்பர் காட்டன், எஜிப்ஷியன் ஃபீல் என்று எழுதலாமா?" (கோவை)

"ஃபீல்" என்ற சொல்லில் ஒளிந்துகொள்ள வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம், எகிப்தியப் பருத்தி என்று விற்ற ஷீட்டுகளில் வேறு பருத்தி இருந்தது என்று சொல்லி, அவற்றைச் செய்து கொடுத்த இந்திய நிறுவனமான வெல்ஸ்பனோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. பருத்தி எங்கே விளைந்தது என்பது நூல் பில்லில் இல்லாவிட்டால் அதைப் பற்றி எழுதாதீர்கள். சுபிமா என்பது அமெரிக்க நீண்ட இழைப் பருத்தியின் பெயர், அதைப் போட உரிமம் வாங்க வேண்டும். சுவின் நம் கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1974இல் வெளியான நீண்ட இழை ரகம். பெருமைப்பட வேண்டிய பெயர்தான், ஆனால் விளைச்சல் குறைவு. யாராவது மலிவாகக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள். ஒன்றும் தெரியாதென்றால் "100% பருத்தி, கோம்ப்டு நூல்" போதும். கோம்ப்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல், அப்படி எழுதவும் பில் வேண்டும்.

"1000 டி.சி. போட்டால்தான் தேடலில் மேலே வருமாமே?" (திருப்பூர்)

மேலே சேலத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள்.

"கிளேஸ் காட்டன் என்றால் நல்ல பருத்திதானே? என் கடையில் நன்றாக ஓடுகிறது." (விழுப்புரம்)

அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் பாலியஸ்டர். ஓரத்திலிருந்து நாலு நூல் உருவிப் பற்றவையுங்கள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். கலப்பில் இரண்டும் தெரியும், விகிதத்தை மட்டும் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, லேபுக்கு அனுப்பத்தான் வேண்டும். பாலியஸ்டர் ஷீட்டும் விற்கலாம், சீக்கிரம் உலரும், சுருங்காது. பெயரை மட்டும் மாற்றுங்கள்.

"1500 டி.சி. என்றால்..." (திருப்பூர்)

தராசு!