பீஸ் பாக்கிக் கடிதத்தில் இடித்த 600 ரூபாய்

கேள்வி: பள்ளி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். அண்ணன் தங்கை சலுகை, ஸ்காலர்ஷிப், தாமதக் கட்டணம் எல்லாம் போக பாக்கி எவ்வளவு என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். சண்டை வராமல் எப்படி எழுதுவது?

உங்களை எந்த ஜன்னலில் உட்கார வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் அதே மாதிரி ஜன்னலில் பதினோரு வருஷம் உட்கார்ந்தவள் நான்.

நான் போட்ட முதல் பாக்கிக் கடிதம் ஒரே வரி: "பாக்கி ரூ.3,040. உடனே செலுத்தவும்." மறுநாளே அந்தப் பிள்ளையின் அம்மா முக்கூடலில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். வீட்டில் பீடி சுற்றுகிறவர். ஒரு நாள் வந்து போனால் அன்றைய கூலி போச்சு. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் வீட்டுக்காரர். சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி. "டீச்சர், என் கணக்குல 2,440 தான வருது. நீங்க 3,040னு எழுதியிருக்கிய?" (நான் டீச்சர் இல்லை. ஆபீஸில் யார் இருந்தாலும் அவர்களுக்கு டீச்சர்தான்.)

மளிகைக்கடைக்காரர் கூட்டலில் தப்பு விட மாட்டார். அதனால் நம் பில்லைத் திரும்பப் படித்துக் காட்டாமல், இடிக்கிற தொகையைப் பிடித்தேன். 600 ரூபாய். அதில் 240 நான் போட்ட தாமதக் கட்டணம். மிச்சம் 360 எங்கிருந்து வந்தது? அந்த டெர்மின் வேன் கட்டணம் 3,600. அதில் பத்து சதவீதம் 360. சரி, விஷயம் புரிந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு பத்து சதவீதச் சலுகை என்பதை அவர் மொத்த பில்லுக்கும் போட்டிருந்தார். எங்கள் பள்ளியில் அது படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். அதை எந்தத் தாளிலும் நாங்கள் எழுதவில்லை. அப்புறம் அவரை எப்படிக் குறை சொல்வது?

தாமதக் கட்டணத்திலும் ஒரு நியாயம் அவர் பக்கம் இருந்தது. கடைசி நாள் அக்டோபர் 15. பள்ளி அறக்கட்டளையின் ஸ்காலர்ஷிப் உத்தரவு வந்ததோ அக்டோபர் 30. அதுவரை சரியான பாக்கி எனக்கே தெரியாது. இதைத் தாளாளரிடம் சொன்னேன். அந்த 15 நாளைத் தள்ளுபடி செய்தார். பிறகு எழுதிய கடிதம் இது:

"மதிப்பிற்குரிய பெற்றோருக்கு, வணக்கம். ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகளின் இரண்டாம் டெர்ம் கணக்கு:
படிப்புக் கட்டணம் ரூ.8,000
உடன்பிறந்தோர் சலுகை (படிப்புக் கட்டணத்தில் மட்டும் 10%) கழிவு ரூ.800
பள்ளி அறக்கட்டளை ஸ்காலர்ஷிப் கழிவு ரூ.2,000
வேன் கட்டணம் (சலுகை கிடையாது) ரூ.3,600
கட்ட வேண்டியது ரூ.8,800
அக்டோபர் 10 அன்று கட்டியது ரூ.6,000
பாக்கி ரூ.2,800
தாமதக் கட்டணம், அக்டோபர் 16 முதல் நவம்பர் 8 வரை 24 நாள், நாளுக்கு ரூ.10 வீதம் ரூ.240
இதில் ஸ்காலர்ஷிப் உத்தரவு தாமதமான 15 நாளுக்குத் தள்ளுபடி ரூ.150
மொத்தம் கட்ட வேண்டியது ரூ.2,890
நவம்பர் 15க்குள் கட்டினால் மேற்கொண்டு தாமதக் கட்டணம் இல்லை."

தள்ளுபடியைத் தனி வரியாகக் காட்டுங்கள். நேரே 90 என்று போட்டால் அடுத்த டெர்மில் நாளை எண்ணிப் பார்த்து, போன தடவை மட்டும் எப்படிக் குறைந்தது என்று கேட்பார்கள். வெறுமனே "ஸ்காலர்ஷிப்" என்றும் எழுதாதீர்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தருகிற உதவித்தொகை வங்கிக் கணக்குக்கே போய்விடும், நம் பில்லில் கழியாது. அந்த அம்மா அதையும் இதையும் ஒன்றாக நினைத்திருந்தார். எந்த ஸ்காலர்ஷிப் என்று பெயரோடு எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

ஏழைகளிடம் அபராதம் வாங்கியதை பெருமையாக எழுதுகிறாயா என்று யாராவது வருவீர்கள். தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி குழு இருக்கிறது. அபராதத்தை நிர்வாகம் முடிவு செய்கிறது. இரண்டிலும் ஆபீஸ் கிளார்க்கை யாரும் கேட்பதில்லை.

கேட்பதில்லை என்றால் சும்மா இல்லை. "கறாரா இரும்மா, ஒரு பைசா விடாத" என்று உள்ளே சொல்வார்கள். நாம் கறாராக இருப்போம். பெற்றோர் ஒருத்தர் நேரே தாளாளர் அறைக்குப் போவார். பத்து நிமிஷத்தில் போன் வரும், "அவங்களுக்கு விட்டிரும்மா" என்று. அந்த ஆள் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே போவார். அடுத்து வரிசையில் நிற்கிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று பதினோரு வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் போன் வந்தால் தள்ளுபடியை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டதில்லை, ஆடிட் சமயத்தில் இரண்டு தடவை கைக்காசு போட்டிருக்கிறேன்.